கோசோங் முதல் கம்பம் வரை: மலேசிய, சிங்கைத் தமிழின் திசைச்சொற்கள்

மலேசியாவில் ஒரு கடையின் கண்ணாடிக் கதவருகே நின்றால் கைப்பிடியின் மேல் ஒரு சொல் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு பக்கம் ‘தோலாக்’; மறுபக்கம் ‘தாரிக்’. தோலாக் என்றால் தள்ளு, தாரிக் என்றால் இழு. சாலை முனையில் எண்கோணச் சிவப்புப் பலகையில் ‘பெர்ஹெந்தி’ என்று எழுதியிருந்தால் வண்டியை நிறுத்த வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தில் ‘மாசூக்’ என்பது நுழைவாயில், ‘கெலுவார்’ என்பது வெளிவாயில். சிங்கப்பூரில் பெயர்ப்பலகைகளில் ஆங்கிலமே முந்தி நிற்கும். ஆயினும் நாட்டுப்பண் மலாய் மொழியில்தான் உள்ளது. நாட்டுச் சேவைக்குச் செல்லும் தமிழ் இளைஞர் அணிவகுப்புத் திடலில் கேட்கும் கட்டளைகளும் மலாய்தான். ‘செடியா’ என்றால் நேராக நில், ‘செனாங் டிரி’ என்றால் தளர்ந்து நில்.

இச்சொற்களைத் தமிழர் எவரும் அகராதி பார்த்துக் கற்பதில்லை. பேருந்திலும் உணவுக்கடையிலும் மருந்தகத்திலும் காதில் விழுந்து அவை நாவில் ஏறிக்கொள்கின்றன. இப்படி ஏறிய சொற்களுக்குத் தமிழ் இலக்கணம் பழங்காலத்திலேயே ஒரு பெயர் வைத்துவிட்டது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொற்களை நால்வகையாகப் பிரித்தது தொல்காப்பியம். தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பிற நிலங்களிலிருந்து வருவது திசைச்சொல். அந்த நிலங்கள் யாவை என்று நன்னூல் உரைகள் காட்டும் பழம்பாட்டு ஒன்று பதினேழு நாடுகளை அடுக்குகிறது. அவற்றுள் சாவகமும் உண்டு, கடாரமும் உண்டு. கடாரம் என்பது இன்றைய கெடா மாநிலம். ஆகவே மலாய் நிலத்துச் சொல் தமிழில் புகுவது நேற்றைய நிகழ்வன்று. அதற்கு நம் இலக்கணம் முன்பே இடம் விட்டு வைத்திருக்கிறது.

சொற்பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்வதைவிட, அச்சொற்கள் எவ்வாறு அடுக்கப்படுகின்றன என்று அறிவது பெரும் பயன் தரும். மலாய் மொழியில் பெயர் முன்னே வரும், அதன் அடை பின்னே வரும். தமிழில் இது தலைகீழ். நாம் காப்பிக்கடை என்போம். மலாயில் ‘கெடாய் கோப்பி’, அதாவது கடை முதலில், காப்பி பிறகு. ‘பாசார் மாலாம்’ என்பதில் பாசார் சந்தை, மாலாம் இரவு. பொருள் இரவுச் சந்தை. ‘நாசி கோரெங்’ என்பதில் நாசி சோறு, கோரெங் வறுத்தது அல்லது பொரித்தது. ‘ஆயாம் கோரெங்’ என்றால் பொரித்த கோழி என்று இப்போது வாசகரே சொல்லிவிடலாம். ‘தே தாரிக்’ என்பதில் தே தேநீர். தாரிக் என்பது கதவில் கண்ட அதே சொல். இரு குவளைகளுக்கு இடையே உயரத் தூக்கி ஊற்றி, நுரை எழ இழுத்து ஆற்றிய தேநீர் அது. ‘நாசி கண்டார்’ என்ற பினாங்கு உணவில் கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவுத்தடி. தடியின் இரு முனையிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்ற தமிழ் முசுலிம் வணிகரின் தொழில் அப்பெயரில் நிலைத்துவிட்டது. அவர்கள் நடத்தும் உணவகத்தை இன்று நாடெங்கும் ‘மாமாக்’ கடை என்கின்றனர். அது நம் மாமா என்ற முறைப்பெயரிலிருந்து பிறந்த சொல்.

இவ்வடுக்குமுறையின் முழு அழகையும் காண வேண்டுமானால் காலையில் ஒரு கோப்பிக் கடையில் நின்று காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அங்கே வெறும் ‘கோப்பி’ என்று கேட்டால் பாலும் சீனியும் கலந்த காப்பி வரும். அந்தப் பால் மாட்டுப்பாலைக் காய்ச்சி ஊற்றியதன்று. சீனி சேர்த்துக் கெட்டியாக்கிய டின் பால். குவளையின் அடியில் அது திரண்டு கிடக்க, மேலே கருஞ்சாறு நிற்கும். சென்னையிலிருந்து புதிதாக வந்தவர் முதல் மடக்கிலேயே இனிப்பின் மிகுதியால் திகைப்பதற்குக் காரணம் இதுதான்.

பால் வேண்டாம் என்றால் ‘கோப்பி ஓ’. இந்த ஓ, ஹொக்கியன் சீன வழக்கில் கறுப்பைக் குறிக்கும் சொல். கோப்பி ஓ என்பதில் பால் இல்லை, ஆனால் சீனி உண்டு. ‘கோப்பி சி’ என்றால் டின் பாலுக்கு மாற்றாக, சீனி சேர்க்காமல் சுண்டக் காய்ச்சி அடைத்த பாலை ஊற்றுவார்கள். சீனியைத் தனியே போடுவார்கள். சி என்பதற்கு விளக்கம் இரண்டு உண்டு. அவ்வகைப் பாலை விற்ற ஒரு நிறுவனப் பெயரின் முதலெழுத்து என்பர் சிலர். ஐனான் தீவுச் சீனர் பேச்சில் புதியது என்னும் பொருள் தரும் சொல் என்பர் வேறு சிலர்.

சீனியே வேண்டாம் என்போருக்கு உதவும் சொல் ‘கோசோங்’. மலாயில் வெறுமை என்பது இதன் பொருள். ‘கோப்பி ஓ கோசோங்’ என்றால் பாலும் இல்லை, சீனியும் இல்லை. ‘கோப்பி சி கோசோங்’ என்றால் பால் உண்டு, சீனி இல்லை. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஓ, சி எதுவும் இல்லாமல் ‘கோப்பி கோசோங்’ என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் திரும்பிக் கேட்பார். டின் பாலில் இனிப்பு முன்பே கலந்திருக்கிறது. அதைப் பாலிலிருந்து பிரித்தெடுக்க எவராலும் இயலாது. நீரிழிவு உள்ளவர்கள் இதை நன்கு நினைவில் கொள்ள வேண்டும்: கோசோங் என்ற சொல் ஓ அல்லது சி இரண்டில் ஒன்றைத் தொடர்ந்து வந்தால்தான் அது காக்கும். அப்போதும் ஒன்று எஞ்சுகிறது. இவ்வகைக் கடைகளின் காப்பிக் கொட்டை பெரும்பாலும் ரொபஸ்டா வகை. மரபுமுறையில் அதை வறுக்கும்போதே சீனியும் மார்கரீனும் சேர்ப்பர். கருகிய சீனியின் மணமும் நிறமும் தூளோடு ஒட்டிக்கொள்ளும். கோப்பி ஓ கோசோங்கிலும் மெல்லிய கருகல் இனிப்பு நாவில் படுவது அதனால்தான்.

இனிப்பு அளவுக்கும் சொற்கள் உண்டு. சிங்கப்பூரில் ‘சியூ தாய்’ என்றால் இனிப்பைக் குறை, ‘கா தாய்’ என்றால் கூட்டு. கண்டோனீசு வழக்கில் அடியில் உள்ளதைக் குறை என்ற பொருளில் வந்தது முன்னது. அடியில் உள்ளது டின் பால் என்று கண்டோம். மலேசியாவில் இதையே ‘குராங் மானிஸ்’ என்பர். குராங் குறைவு, மானிஸ் இனிப்பு. சாறு கெட்டியாக வேண்டின் ‘காவ்’, நீர்த்திருக்க வேண்டின் ‘போ’. குளிர்ந்த பனிக்கட்டி சேர்த்தது சிங்கையில் ‘பெங்’, மலேசியாவில் ‘ஆய்ஸ்’. இப்போது ‘கோப்பி சி காவ் சியூ தாய் பெங்’ என்ற நீண்ட தொடரை இடமிருந்து வலமாகப் படித்தால் போதும். காப்பி, சுண்டிய பாலுடன், கெட்டியாக, இனிப்புக் குறைவாக, பனிக்கட்டி போட்டு. இதையே தமிழில் சொன்னால், பனிக்கட்டி போட்ட, இனிப்புக் குறைந்த, கெட்டியான பால்காப்பி என்று கடைசியிலிருந்து தொடங்குவோம். மலாய்ப் பெயர், சீன அடைகள், மலாய் அடுக்குமுறை; மூன்றும் சேர்ந்த ஒரு தொடரைத் தமிழர் தடுமாறாமல் சொல்கிறார். கட்டித் தரச் சொல்ல வேண்டுமானால் சீன வழி வந்த ‘தாப்பாவ்’, அல்லது மலாயின் ‘புங்குஸ்’. “அண்ணே, ரெண்டு தே ஓ தாப்பாவ்” என்ற குரல் கோலாலம்பூரின் எந்தத் தமிழர் கடையிலும் கேட்கும்.

கோசோங் காப்பிக்கடையோடு நின்றுவிடவில்லை. உள்ளே எதுவும் வைக்காத வெறும் ரொட்டி ‘ரொட்டி கோசோங்’. முட்டை வைத்தது ‘ரொட்டி தெலோர்’. ஆள் குடியிராத வீடு ‘ருமா கோசோங்’. தொலைபேசி எண்ணை மலாயில் சொல்லும்போது சுழியத்தையும் கோசோங் என்றே சொல்வர். எழுத்துமுறை மலாயில் சுழியத்துக்கு ‘சீஃபார்’ என்ற சொல் தனியே இருந்தாலும் பேச்சில் கோசோங்தான் ஆள்கிறது. வெறுமை, வெற்றிடம், சுழியம், சீனியின்மை என விரிந்த பொருள்களுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கருத்து: இருக்க வேண்டிய ஒன்று அங்கே இல்லை.

அடுத்து ஒலி. இங்கேதான் தமிழின் தனித்தன்மை மிகத் தெளிவாக வெளிப்படுகிறது. தமிழ்ச் சொல் எந்த ஒலியில் முடியலாம் என்பதற்கு வரையறை உண்டு. ங் என்ற மெய்யில் எந்தத் தமிழ்ச் சொல்லும் முடிவதில்லை. மலாய் மொழியிலோ அவ்வொலியில் முடியும் சொற்கள் ஏராளம். தமிழர் நாவு இதை எப்படிச் சமாளித்தது என்று ஊர்ப்பெயர்களைப் பார்த்தால் விளங்கும். பினாங் என்பது பினாங்கு ஆயிற்று. இறுதியில் ஓர் உகரம் சேர்ந்து சொல்லைத் தாங்கிக்கொண்டது. கிளாங் என்பது கிள்ளான் ஆயிற்று; ங் நீங்கி ன் வந்தது. காஜாங், பகாங் ஆகியவற்றில் எந்த மாற்றமும் செய்யாமல் மலாய் ஒலியை அப்படியே எழுதினர். ஒரே இடர்ப்பாட்டுக்கு மூன்று தீர்வுகள். பொதுவாக, நெடுங்காலம் மக்கள் வாயில் புழங்கி வந்த வடிவங்களில் மாற்றம் மிகுதியாக இருக்கும். பலகையைப் பார்த்து எழுத்துப்பெயர்த்தவற்றில் குறைவாக இருக்கும்.

உயிரொலியிலும் ஒரு சிக்கல் உண்டு. மலாயில் நாவை நடுவில் தளர விட்டு ஒலிக்கும் ஒரு மங்கலான எகரம் இருக்கிறது. அதற்குத் தமிழில் எழுத்து இல்லை. மலாய்க்காரர் மலாக்காவின் முதல் உயிரையும், சிலாங்கூரின் முதல் உயிரையும், கெடாவின் முதல் உயிரையும் ஒரே மாதிரி ஒலிக்கின்றனர். ரோமன் எழுத்திலும் மூன்றும் ஒன்றுதான். நாமோ மலாக்கா என்று அகரத்திலும், சிலாங்கூர் என்று இகரத்திலும், கெடா என்று எகரத்திலும் எழுதினோம். பேராக் மாநிலத்தின் பெயரில் வருவது மட்டும் தெளிவான ஏகாரம்; மலாய் எழுத்தில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு காட்டப்படுவதில்லை என்பதால் கேட்டுத்தான் அறிய வேண்டும். புதிதாகக் குடியேறிய தமிழர் பலகையைப் படித்து ஒலிக்கும்போது பிறழும் இடம் பெரும்பாலும் இதுதான்.

பலகையில் இன்னொரு பொறியும் உண்டு. 1972-ஆம் ஆண்டு மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து எழுத்துச் சீர்திருத்தம் செய்தபோது, ரோமன் வரிசையின் மூன்றாம் எழுத்து எப்போதும் சகரத்தையே குறிக்கும் என்று வகுத்தன. ஆங்கிலப் பழக்கத்தால் அதைக் ககரமாகப் படிப்போர் உண்டு. கழுவு என்ற பொருள் தரும் ‘சூச்சி’, விடுமுறை என்ற பொருள் தரும் ‘சூத்தி’, கோப்பை என்ற பொருள் தரும் ‘சாவான்’ மூன்றும் அவ்வெழுத்தில்தான் தொடங்குகின்றன. ஊர்திக் கழுவுமிடத்திலும் அலுவலகக் கதவிலும் நாள்தோறும் கண்ணில் படுபவை இவை.

ஒரு மலாய்ச் சொல் தமிழ்ச் சொல்லோடு ஒலியில் ஒத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிறந்த சான்று ‘பத்து’. மலாயில் பத்து என்றால் கல். கோலாலம்பூருக்கு வடக்கே சுண்ணாம்புக் குன்றின் குகையில் அமைந்த முருகன் கோயிலைத் தமிழர் பத்துமலை என்கின்றனர். அருகே ஓடும் சுங்கை பத்து என்ற ஆற்றின் பெயர் அது. சுங்கை என்றால் ஆறு, ஆகவே கல்லாறு. தமிழ்நாட்டிலிருந்து தைப்பூசத்துக்கு வரும் அடியார் பலர் அது பத்தாவது மலை என்றோ பத்து மலைகள் என்றோ எண்ணிக்கொள்கின்றனர். ஒலி ஒத்துப்போனதால், எண்ணுப்பெயர் தன் பொருளை அந்தச் சொல்லின் மேல் ஏற்றிவிட்டது. மலாய்ச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் இணைந்த பத்துமலை என்ற தொடரின் நேர்ப்பொருள் கல்மலை.

பத்து என்ற அதே சொல்லுக்கு மலாயில் மைல் என்ற பொருளும் உண்டு. சாலையோரத்தில் நட்ட கல்லே தொலைவின் அளவாயிற்று. மலேசியத் தமிழரும் அவ்வழியே சென்று, மைலைக் ‘கட்டை’ என்றனர். ஊருக்கு வெளியே ஆறாவது மைலில் இருந்த குடியிருப்பு ஆறாங்கட்டை. கிலோமீட்டர் வந்த பின்னும் இத்தகைய பெயர்கள் மறையவில்லை. மலாய்ச் சொல்லை எடுக்காமல், அது பொருளை விரித்த முறையை மட்டும் எடுத்துக்கொண்டு சொந்தச் சொல்லால் ஈடு செய்வது மொழியியலில் ஒரு தனிவகை. அடைமழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஏற்றதாய்க் கடை வரிசையின் முன் அமைந்த மேற்கூரையிட்ட நடைபாதைக்கு மலாயில் ‘காக்கி லீமா’ என்று பெயர். காக்கி கால், லீமா ஐந்து. ஆங்கிலத்தில் அதன் அகலத்தை ஐந்தடி எனக் கணக்கிட்டு வைத்த பெயரின் மலாய் வடிவம் இது. தமிழில் அதை ‘அஞ்சடி’ என்றனர். அடி என்பதும் கால், அளவு என இரு பொருள் தருவதால் பெயர்ப்பில் எதுவும் சிந்தவில்லை.

ஒரு திசைச்சொல் எப்போது முழுத் தமிழ்ச் சொல்லாகிறது? இதைக் கண்டறிய இலக்கணத்திலேயே ஓர் உரைகல் இருக்கிறது. மலாயில் சிற்றூரைக் குறிப்பது ‘கம்போங்’. மலேசியத் தமிழில் இது இரு வடிவத்தில் வழங்குகிறது. கம்போங் என்றே எழுதுவோர் அதற்கு வேற்றுமை உருபைச் சேர்க்கும்போது கம்போங்கில் என்பர். சொல் வெளியாளாகவே நிற்கிறது. தோட்டப்புற மக்களோ அதைக் ‘கம்பம்’ ஆக்கினர். மகர ஈறு வந்ததும் மரம் மரத்தில் ஆவதுபோலக் கம்பம் கம்பத்தில் ஆயிற்று. கம்பத்து வீடு, கம்பத்துக்காரன் எனவும் வந்தது. அத்துச் சாரியை ஏற்ற சொல் தமிழிலக்கணத்தின் உள்வீட்டுக்குள் நுழைந்துவிட்டது என்பதே என் துணிபு. கம்பு, தூண், தேனி மாவட்டத்து ஊர் என்ற பொருள்களில் தமிழில் முன்பே கம்பம் இருப்பதும் இந்நுழைவுக்குத் துணை செய்திருக்கும்.

வினைச்சொற்கள் இவ்வளவு எளிதில் நுழைவதில்லை. தமிழ் வினை காலம், எண், இடம், பால் எனப் பல ஒட்டுகளை ஏற்க வேண்டும். அயல்மொழி வேர் அவற்றை நேரே ஏற்பதில்லை. ஆகவே அயல்வினையைப் பெயர்போல முன்னே நிறுத்தி, ஒட்டுகளைச் சுமக்கப் ‘பண்ணு’ என்ற துணையைப் பின்னே வைக்கிறோம். தொல்லை தருவது மலாயில் ‘கச்சாவ்’. பிள்ளையைத் தாய் “கச்சாவ் பண்ணாதேடா” என்பார். பிறர் வண்டியில் ஏறிச் செல்வது, பிறர் வீட்டில் ஒண்டியிருப்பது ‘தும்பாங்’. “அவர் கார்லதான் தும்பாங் பண்ணி வந்தேன்” என்பது மலேசியத் தமிழ். வேலையின்றிக் கூடி அமர்ந்து பொழுது போக்குவது ‘லேபாக்’. இவற்றுள் எனக்கு மிக வியப்பூட்டுவது ‘கோஸ்தான்’. வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துவது அது. கப்பலைப் பின்புறமாக நகர்த்தச் சொல்லும் ஆங்கில மாலுமிகளின் கட்டளைத் தொடர் மலாய் நாவில் ஒரே சொல்லாகச் சுருங்கிற்று. துறைமுகத்திலிருந்து கரையேறிச் சாலைக்கு வந்தது. பின்னர்க் “கோஸ்தான் பண்ணு” என்று தமிழ் ஓட்டுநர் வாயில் அமர்ந்தது. ஆங்கிலத்தில் தொடங்கியும் இன்றைய ஆங்கிலேயர் எவருக்கும் விளங்காத ஆங்கிலம் இது.

இது நம்மை உள்ளூர் ஆங்கிலத்துக்குக் கொண்டுசெல்கிறது. மலாய்ச் சொல் புதிது என்பதால் பொருள் கேட்போம். உள்ளூர் ஆங்கிலச் சொல் தெரிந்ததுபோல் தோன்றுவதால் கேட்காமலே பிழையாகப் புரிந்துகொள்வோம். “நீ என் காரை ஃபாலோ பண்ணு” என்று கோலாலம்பூர் நண்பர் சொன்னால் பின்னால் வேறு வண்டியில் தொடர வேண்டும் என்பதில்லை. அவர் வண்டியிலேயே ஏறிக்கொள் என்றும் பொருள்படலாம். மலாயின் ‘ஈக்குட்’ என்ற வினைக்கு உடன் வருதல், பின்தொடர்தல் இரண்டும் பொருள். ஆங்கிலச் சொல் அந்த இரட்டைப் பொருளைத் தாங்கிக்கொண்டது. “உன்னை வீட்டுக்கு செண்ட் பண்றேன்” என்றால் வழியனுப்பி வைப்பேன் என்பதன்று. வண்டியில் கொண்டுவந்து விடுவேன் என்பதே. ‘அவுட்ஸ்டேஷன்’ என்பது வெளியூர். ஆற்றின் மேற்பகுதியைக் குறித்த மலாய்ச் சொல்லிலிருந்து வந்த ‘ஊலு’ சிங்கை ஆங்கிலத்தில் ஆளரவமற்ற தொலைவிடத்தைக் குறிக்கிறது. கால் என்று கண்ட காக்கி, உள்ளூர் ஆங்கிலத்தில் கூட்டாளி ஆகிவிட்டது. ‘மாக்கான் காக்கி’ என்றால் உடனுண்ணும் நண்பர், மாக்கான் உண்ணுதல். உணவங்காடியில் மேசைமேல் கைத்தாள் பொட்டலம் ஒன்று தனியே கிடந்தால் எவரோ மறந்துவிட்டுப் போனார் என்று எடுத்துவிடக் கூடாது. அவ்விடம் ‘சோப்’ செய்யப்பட்டிருக்கிறது, அதாவது ஒருவர் தமக்கென அதைப் பிடித்து வைத்திருக்கிறார்.

எல்லாவற்றிலும் சிறியதும் மிகுதியாக ஒலிப்பதும் ‘லா’. மலாயில் சொல்லின் இறுதியில் ஒட்டும் இவ்விடைச்சொல் உள்ளூர் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒருங்கே பரவியுள்ளது. “வா லா” என்றால் வற்புறுத்தும் அழைப்பு. “சரி லா” என்றால் இணக்கம். “போதும் லா” என்றால் சற்றே சலிப்பு. தனியே பொருள் தராது. முன்சொல்லின் உணர்வை மாற்றும். நம் இலக்கணம் இடைச்சொல்லுக்குக் கூறும் தன்மையும் இதுவே. ஏகாரத்தையும் ஓகாரத்தையும் பழகிய செவிக்கு லாவின் பயன் எளிதில் புலப்படும். பெரியவரிடமும் அலுவலகத்திலும் அதைத் தவிர்ப்பதே நன்று. நெருக்கமானோரிடையே வழங்கும் சொல் அது.

மயக்கம் தரும் மற்றொரு சொல்லையும் இங்கே எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். மலாயில் அண்மைச்சுட்டு ‘இனி’, சேய்மைச்சுட்டு ‘இத்து’. கடையில் தொலைவில் உள்ள பொருளைக் காட்டி மலாய் விற்பனையாளர் இத்து என்பார். தமிழ்ச் செவிக்கு அது இது என்றே கேட்கும். அருகில் உள்ளதை எடுத்து நீட்டினால் அவர் தலையசைத்து மறுப்பார். பேசத் தொடங்கிய முதல் வாரங்களில் கை காட்டும் திசையைச் செவியைவிட நம்புவது நல்லது.

கொண்ட அளவுக்குக் கொடுத்தும் இருக்கிறோம். கெடாய் என்ற மலாய்ச் சொல்லே நம் கடைதான். கப்பல் அங்கே காப்பால், கட்டில் காத்தில், பெட்டி பெத்தி, கோயில் கூயில். பல வகை என்பது பெல்பாகாய் ஆயிற்று. மாப்பிள்ளை ‘மெம்பெலாய்’ ஆகி மணமக்கள் இருவரையும் குறிக்கலாயிற்று. சும்மா ‘சூமா’ ஆகி, மட்டும் என்ற பொருள் கொண்டது. வணிகம், கடற்செலவு, சமயம், மணம் எனத் தமிழர் மலாய் மக்களோடு கலந்த களங்களை இச்சொற்கள் வரிசையாகக் காட்டுகின்றன. அவர்கள் ஒவ்வொன்றுக்கும் தம் ஒலியையும் தம் பொருளையும் ஏற்றிக்கொண்டனர். நாம் கம்பத்துக்குச் செய்ததையே அவர்கள் கடைக்குச் செய்தனர்.

தூய தமிழில் பற்றுடையவன் என்ற முறையில் என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். உணவின் பெயரையும் ஊரின் பெயரையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நாசி லெமாக்கைக் கொழுப்புச்சோறு என்றால் உண்ண வருவோர் எவரும் இரார். அரசும் அலுவலகமும் சார்ந்தவற்றுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும், அதைச் சிங்கப்பூர்த் தமிழர் சிறப்பாகவே செய்திருக்கின்றனர். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை வீவக என்றும், மத்திய சேமநிதியை மசேநிதி என்றும் தமிழ் எழுத்துகளாலேயே சுருக்கி நாளிதழிலும் பேச்சிலும் நிலைநாட்டினர். தீவு விரைவுச்சாலை, பெருவிரைவு ரயில் ஆகியவை ஓட்டுநருக்கும் பயணிக்கும் பொருள் விளங்கும் பெயர்கள். தொல்லை செய்யாதே என்று சொல்லக்கூடிய இடத்தில் கச்சாவ் தேவையா என்று வீட்டார் எண்ணிப் பார்க்கலாம். கோப்பி ஓ கோசோங்குக்கு அந்தக் கேள்வி பொருந்தாது.

இச்சொற்களுள் தோட்டப்புறத்தில் பிறந்தவை தோட்டங்களோடு மறைந்து வருகின்றன. ரப்பர்த் தோட்டத்தின் லயத்தில் வளர்ந்த பாட்டி, தாத்தா வீட்டில் இருந்தால், அவர்கள் வாயில் வழங்கும் மலாய்ச் சொற்களைக் குறித்து வையுங்கள். பொருளை மட்டும் எழுதினால் போதாது. இல், உக்கு என்ற உருபு சேரும்போது சொல் என்ன வடிவம் பெறுகிறது, அதனோடு பண்ணு வருகிறதா போடு வருகிறதா, எந்த ஊரில் எந்தத் தோட்டத்தில் வழங்கியது என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்தால் ஒலியும் எஞ்சும்.